போஸ்டிங்ல 10 லட்சம், ஆஃபர்ல 9.4 லட்சம்: ஹெச்.ஆருக்கு என்ன எழுதலாம்?

வேலை அறிவிப்பில் சம்பளம் போடுவதே நம்ம ஊரில் அபூர்வம். நௌக்ரியைத் திறந்தால் பாதி இடத்தில் ‘வெளியிடப்படவில்லை’ என்றுதான் இருக்கும். அதனால் ‘10 - 13 லட்சம்’ என்று ஒரு கம்பெனி துணிந்து போட்டிருந்தால் நாம் உடனே அப்ளை செய்கிறோம். மூணு ரவுண்டு இன்டர்வியூ, ஒரு அசைன்மென்ட், கடைசியில் ஹெச்.ஆர். போன். “கங்கிராட்ஸ், நீங்க செலக்ட் ஆகிட்டீங்க. 9.4-க்கு க்ளோஸ் பண்ணலாம். ஓகேவா?”

இந்த இடத்தில் பலரும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். ‘கிடைச்ச வரைக்கும் சரி’ என்று போனிலேயே ஓகே சொல்லிவிடுகிறார்கள். இல்லையென்றால் வீட்டு லோன், பெங்களூரு வாடகை, நண்பனின் சம்பளம் என்று எல்லாவற்றையும் சேர்த்து ஒரு நீளமான மெயில் அனுப்புகிறார்கள். இரண்டுமே தேவையில்லை என்பது என் கருத்து. இது வழக்கமான சம்பள பேரம் கிடையாது. வழக்கமான பேரத்தில் நீங்கள் ஒரு தொகையைப் புதிதாகக் கேட்கிறீர்கள். இங்கே கம்பெனியே எழுதி வெளியிட்ட ஒரு தொகையைப் பற்றிக் கேட்கிறீர்கள். மெயிலும் அதற்கேற்ற மாதிரி வேறாக இருக்க வேண்டும்.

ஒரு உதாரணத்தோடு போகலாம். கவிதா என்று வைத்துக்கொள்வோம். சோழிங்கநல்லூரில் டெஸ்ட் ஆட்டோமேஷன் வேலை, ஐந்து வருட அனுபவம், இப்போதைய சி.டி.சி. 7.2 லட்சம். அவர் அப்ளை செய்த போஸ்டிங்கில் 4 முதல் 6 வருட அனுபவம் கேட்டிருந்தார்கள். சம்பளம் 10 முதல் 13 லட்சம். வந்த ஆஃபர் 9.4 லட்சம்.

9.4 எங்கிருந்து வந்தது?

முதலில் இதைக் கண்டுபிடிக்கணும். கால்குலேட்டரில் 7.2-ஐ 1.3-ஆல் பெருக்கிப் பாருங்கள். 9.36 வருகிறது. கொஞ்சம் ரவுண்டு செய்தால் 9.4. அதாவது கவிதா செய்யப்போகும் வேலைக்கு என்ன மதிப்பு என்று யாரும் கணக்குப் போடவில்லை. அவருடைய பழைய பேஸ்லிப்பை எடுத்து, மேலே 30 சதவீதம் வைத்திருக்கிறார்கள்.

இதுதான் இந்தப் பிரச்சினையின் மையம். போஸ்டிங்கில் இருந்தது வேலைக்கான விலை. ஆஃபரில் வந்தது உங்கள் பழைய சம்பளத்துக்கான விலை. போன வேலையில் உங்களுக்குக் குறைவாகக் கொடுத்திருந்தால், அந்தக் குறை அடுத்த கம்பெனிக்கும் உங்களோடயே வருகிறது. எட்டு லட்சம் வாங்கிக்கொண்டிருந்த ஒருவர் அதே இன்டர்வியூவில் தேறியிருந்தால், அதே 30 சதவீதத்தில் அவருக்கு 10.4 லட்சம் கிடைத்திருக்கும். அதே நாற்காலி, அதே வேலை.

எல்லா ஆஃபரும் இப்படித்தான் வருகிறது என்று சொல்ல மாட்டேன். சில நேரம் இன்டர்வியூவுக்குப் பிறகு உங்களை ஒரு கிரேடு கீழே வைத்திருப்பார்கள். சில நேரம் அந்த வரம்பே வேறொரு ஊர் ஆபீஸுக்கானதாக இருக்கும். ஆனால், உங்கள் பழைய சி.டி.சி.யை 1.2, 1.25, 1.3 என்று பெருக்கிப் பார்த்து ஆஃபர் தொகை அப்படியே பொருந்தினால், காரணம் பெரும்பாலும் கண்முன்னாடி இருக்கிறது. அது தெரிந்தால் மெயிலில் எதைப் பற்றிப் பேச வேண்டும், எதைத் தொடவே கூடாது என்பதும் தெரிந்துவிடும். பேச வேண்டியது வேலையைப் பற்றி. தொடக் கூடாதது பழைய சம்பளமும் சதவீதமும்.

எழுதுவதற்கு முன்னால் ஒரு சரிபார்ப்பு

அந்த வரம்பைப் போட்டது யார்? இதைப் பார்க்காமல் மெயில் அனுப்பி மூக்குடைபட்டவர்கள் உண்டு. வேலை தேடும் சில தளங்கள், கம்பெனி சம்பளம் சொல்லாதபோது தாங்களாகவே ஒரு மதிப்பீட்டைக் காட்டும். அது ‘மதிப்பீடு’ என்று சின்ன எழுத்தில் இருக்கும். அது கம்பெனியின் வார்த்தை ஆகாது. ஆம்பிஷன்பாக்ஸ், கிளாஸ்டோர் எண்களும் அப்படித்தான். மற்ற ஊழியர்கள் பதிவிட்டவை. கம்பெனியின் சொந்த கரியர் பக்கத்தில் இருந்ததா, அவர்களே போட்ட போஸ்டிங்கில் இருந்ததா, ரெக்ரூட்டர் அனுப்பிய ஜே.டி.யில் இருந்ததா என்று பாருங்கள். இந்த மூன்றில் ஒன்றாக இருந்தால்தான் இந்தக் கட்டுரை உங்களுக்கு.

ஆளை எடுத்தவுடன் போஸ்டிங்கை மூடிவிடுவார்கள். அப்புறம் லிங்க் வேலை செய்யாமல் போகலாம். அதனால் அப்ளை செய்யும் அன்றைக்கே தேதியோடு ஒரு ஸ்கிரீன்ஷாட்டோ பி.டி.எஃப்போ எடுத்து வைப்பது நல்லது. வேலை எண் இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். எடுத்து வைக்கவில்லையா? ரெக்ரூட்டர் முதலில் அனுப்பிய மெயிலில் ஜே.டி. இருக்கிறதா என்று தேடுங்கள். பெரும்பாலும் இருக்கும்.

அடுத்தது சி.டி.சி.யா, ஃபிக்ஸடா என்ற கேள்வி. கவிதாவின் 9.4 லட்சத்தைப் பிரித்துப் பார்ப்போம். இதில் வேரியபிள் 80,000. கம்பெனி கட்டும் பி.எஃப். மாதம் 1,800 வீதம் வருடத்துக்கு 21,600. பேசிக் 4.7 லட்சம் என்றால் அதில் 4.81 சதவீதம் கிராஜுவிட்டி, சுமார் 22,600. மெடிக்கல் இன்சூரன்ஸ் 12,000. இவற்றைக் கழித்தால் மாதாமாதம் நிச்சயமாக வரும் பகுதி வருடத்துக்கு சுமார் 8.04 லட்சம், மாதம் 67,000. அதில் கவிதாவின் பங்கு பி.எஃப். 1,800 போனால் கைக்கு வருவது சுமார் 65,000. கிராஜுவிட்டி, பொதுவாக ஐந்து வருடம் அங்கேயே இருந்தால்தான் கைக்கு வரும். ஆனாலும் அது முதல் நாளிலிருந்தே சி.டி.சி. கணக்கில் உட்கார்ந்திருக்கும்.

இப்போது போஸ்டிங்கில் சொன்ன 10 லட்சம் எது? அது மொத்த சி.டி.சி. என்றால் கவிதாவுக்குக் குறைவது 60,000. அது ஃபிக்ஸட் என்றால் குறைவது கிட்டத்தட்ட இரண்டு லட்சம். போஸ்டிங்கில் வெறுமனே ‘ஆண்டுக்கு 10 - 13 லட்சம்’ என்று இருந்தால் இரண்டில் எது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. நம்மூர் வழக்கப்படி பெரும்பாலும் சி.டி.சி.யாகத்தான் இருக்கும். ஆனால், நாமே அப்படி எடுத்துக்கொண்டு எழுதிவிட்டால், ஒருவேளை அது ஃபிக்ஸடாக இருந்திருந்தால் அந்தப் பணத்தை நாமே விட்டுக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். அதனால் முதல் மெயிலில் இதைக் கேள்வியாகக் கேட்டுவிட வேண்டும்.

முதல் மெயில்: கேள்வி மட்டும்

எப்போது அனுப்புவது என்பது முக்கியம். சென்னை ஐ.டி. கம்பெனிகளில் பொதுவாக நடப்பது இதுதான்: பேஸ்லிப் வாங்குவார்கள், போனில் ஒரு தொகை சொல்வார்கள், நீங்கள் ‘ஓகே’ சொன்ன பிறகுதான் ஆஃபர் லெட்டர் ரிலீஸ் ஆகும். அந்த லெட்டருக்கு உள்ளே ஒப்புதல் வாங்க வேண்டும். ரிலீஸ் ஆன லெட்டரை மாற்ற வேண்டுமானால் இன்னொரு தடவை ஒப்புதல் வாங்க வேண்டும். ரெக்ரூட்டர் அதை விரும்ப மாட்டார். ஆக, சரியான இடைவெளி போனில் தொகை சொன்னதற்கும் நீங்கள் ஓகே சொல்வதற்கும் நடுவில். போனில் சொல்ல வேண்டியது ஒரே வரிதான்: “ரொம்ப சந்தோஷம். பிரேக்-அப் பார்த்துட்டு இன்னைக்கே மெயில் பண்றேங்க.”

மெயிலை நீங்கள் ஆங்கிலத்தில்தான் எழுதுவீர்கள். பொருள் மட்டும் இங்கே தமிழில்:

“வணக்கம். இன்று போனில் பேசியதற்கு நன்றி. இந்த டீமில் சேர எனக்கு விருப்பம் இருக்கிறது. ஒரு விஷயத்தை மட்டும் தெளிவுபடுத்திக்கொள்ள எழுதுகிறேன். நான் விண்ணப்பித்த அறிவிப்பில் சம்பளம் ஆண்டுக்கு 10 முதல் 13 லட்சம் என்று இருந்தது. அதன் நகலை இணைத்திருக்கிறேன். நீங்கள் சொன்ன தொகை 9.4 லட்சம். அறிவிப்பில் இருந்த வரம்பு மொத்த சி.டி.சி.யா, ஃபிக்ஸட் பகுதி மட்டுமா? எனக்கு முடிவாகியிருப்பது அறிவிப்பில் இருந்த அதே பதவி, அதே கிரேடுதானா? பிரேக்-அப்பையும் அனுப்பினால் உதவியாக இருக்கும். அதைப் பார்த்துவிட்டு என் முடிவைச் சொல்கிறேன்.”

இதில் புகார் இல்லை, கோரிக்கையும் இல்லை. ‘ஏன் குறைச்சீங்க?’ என்று கேட்டால் ரெக்ரூட்டர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் பதிலைத்தான் எழுதுவார். ‘இது எது?’ என்று கேட்டால் தகவல் சொல்லியாக வேண்டும். இரண்டாவது கேள்வி இன்னும் முக்கியம். ‘அதே கிரேடுதான்’ என்று எழுத்தில் வந்துவிட்டால், அந்தக் கிரேடுக்கான வரம்புக்கு வெளியே ஏன் ஆஃபர் என்ற கேள்வி தானாகவே எழுந்து நிற்கிறது. ‘இல்லை, ஒரு கிரேடு கீழே’ என்று வந்தால் அதுவும் உங்களுக்குத் தெரிய வேண்டிய விஷயம்தான். கிரேடு குறைந்தால் சம்பளத்தோடு நிற்காது. அடுத்த புரமோஷனும் தள்ளிப்போகும். அப்போது உங்கள் பேச்சும் பணத்திலிருந்து கிரேடுக்கு மாற வேண்டும்.

ஒரு சின்ன விஷயம். இந்த மெயிலுக்குப் பெரும்பாலும் பதில் மெயில் வராது, போன்தான் வரும். எழுத்தில் வேண்டாம் என்பதற்காகவே போன் செய்கிறவர்களும் உண்டு. பேசுங்கள், தப்பில்லை. பேசி முடித்த அரை மணி நேரத்தில், ‘நாம் பேசியபடி, வரம்பு மொத்த சி.டி.சி., பதவியும் கிரேடும் அதேதான் என்று புரிந்துகொண்டேன்’ என்று இரண்டு வரி மெயில் போட்டுவிடுங்கள். மறுப்பு வரவில்லை என்றால், பிறகு பேசும்போது காட்ட ஒரு பதிவு உங்கள் கையில் இருக்கும்.

இரண்டாவது மெயில்: ஒரே ஒரு தொகை

கவிதாவுக்கு வந்த பதில் இப்படி என்று வைத்துக்கொள்வோம்: “அது மொத்த சி.டி.சி.தான் கவிதா. கிரேடும் அதேதான். ஆனா நாங்க மேக்ஸிமம் 30 பர்சன்ட் ஹைக்தான் குடுப்போம். அது கம்பெனி பாலிசி.”

இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். ‘30 போதாது, 40 கொடுங்க’ என்று சதவீதத்திலேயே பதில் சொல்வார்கள். சொன்ன நிமிடமே, பழைய சம்பளம்தான் அளவுகோல் என்பதை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். 40 சதவீதமே கிடைத்தாலும் வருவது 10.08 லட்சம், வரம்பின் அடிமட்டம். சதவீதமாகக் கேட்கும்போது 40 என்பது பேராசை மாதிரி ஒலிக்கிறது. தொகையாகக் கேட்கும்போது அதே 10.08 லட்சம், அவர்களே வெளியிட்ட வரம்பின் முதல் படி.

எனவே இரண்டாவது மெயில் இப்படி இருக்கலாம்:

“விளக்கியதற்கு நன்றி. ஹைக் பற்றிய உங்கள் நடைமுறை புரிகிறது. ஆனால், இந்தப் பதவிக்கு நீங்கள் வெளியிட்ட வரம்பு 10 முதல் 13 லட்சம், கிரேடும் அதேதான் என்று சொன்னீர்கள். அறிவிப்பு கேட்ட அனுபவம் 4 முதல் 6 வருடம். எனக்கு ஐந்து வருடம். கேட்டிருந்த செலினியம், ஏ.பி.ஐ. டெஸ்டிங் இரண்டிலும் இப்போது வேலை செய்கிறேன். அந்த அடிப்படையில் 11 லட்சம் கேட்கிறேன். இந்தத் தொகை உறுதியானால் அன்றைக்கே ஆஃபரை ஏற்றுக்கொள்கிறேன். உங்கள் நிலையில் முடிவு செய்ய முடியாது என்றால், ஹையரிங் மேனேஜரிடம் இந்த மெயிலைக் காட்ட முடியுமா?”

ஏன் 11? ஐந்து வருடம் என்பது 4-6 என்ற இடைவெளியின் நடுவில் இருக்கிறது. அதை வைத்துப் பார்த்தால் 11.5 லட்சம்கூடக் கேட்க நியாயம் உண்டு. ஆனால் 9.4 சொன்னவரிடம் வரம்பின் நடுவைக் கேட்பதைவிட, கொஞ்சம் கீழே கேட்டால் ஒப்புதல் வாங்க அவருக்குச் சுலபம். 10-ஐயே கேட்டால் 9.7-ல் முடியும். 13-ஐக் கேட்டால், வரம்பின் உச்சத்துக்கு ஏன் தகுதி என்ற கேள்வி வரும். பேச்சு வரம்பை விட்டு உங்கள் தகுதி பக்கம் திரும்பிவிடும். கவிதா மனசுக்குள் வைத்திருக்க வேண்டிய தரை 10 லட்சம். அதை மெயிலில் எழுதக் கூடாது.

‘அன்றைக்கே ஏற்றுக்கொள்கிறேன்’ என்ற வரியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஆஃபரைக் கையில் வாங்கிக்கொண்டு, அதைக் காட்டி இன்னொரு இடத்தில் கூடுதலாகக் கேட்கிறவர்களால் ரெக்ரூட்டர்கள் நொந்துபோயிருக்கிறார்கள். 90 நாள் நோட்டீஸ் முடியும் வரை காத்திருந்து, சேரும் நாளில் ஆள் வராமல் போவது அவர்களுக்குப் பழகிப்போன தலைவலி. நீங்கள் உறுதி கொடுத்தால், அதை வைத்து உள்ளே ஸ்பெஷல் ஒப்புதல் கேட்க அவருக்கும் ஒரு காரணம் கிடைக்கிறது. அந்த ‘மேக்ஸிமம் 30’ பாலிசிக்கும் விதிவிலக்கு உண்டு. பல இடங்களில் ஹையரிங் மேனேஜர் கேட்டால் நகரும். ரெக்ரூட்டர் தானாகக் கேட்க மாட்டார், அவ்வளவுதான். கேட்பதற்குத் தோதான ஒரு மெயிலை நீங்கள் எழுதிக் கொடுக்கிறீர்கள். அதனால்தான் அது அப்படியே ஃபார்வர்ட் செய்யும்படி, சின்னதாக, சூடு இல்லாமல் இருக்க வேண்டும்.

பேசுவது கன்சல்டன்சி ஆள் என்றால் இது இன்னும் பொருந்தும். தொகையை மாற்றும் அதிகாரம் அவரிடம் கிடையாது. அவருக்கு வரும் கமிஷன் பெரும்பாலும் உங்கள் ஆண்டுச் சம்பளத்தில் ஒரு பங்கு என்பதால், சம்பளம் கூடினால் அவருக்கும் லாபம்தான் என்று நினைப்போம். கணக்குப்படி சரி. ஆனால் உங்களுக்கு ஒன்றரை லட்சம் கூடினால் அவருக்குக் கூடுவது சில ஆயிரம். டீல் உடைந்தால் மொத்தமும் போச்சு. எனவே அவர் உங்களைத்தான் சமாதானப்படுத்தப் பார்ப்பார். மெயிலை கம்பெனி ஹெச்.ஆருக்கு அனுப்பச் சொல்லுங்கள், உங்களையும் சி.சி.யில் வைக்கச் சொல்லிப் பாருங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

‘போஸ்டிங்ல போட்டதைக் கொடுக்கலைன்னா கேஸ் போட முடியாதா?’ என்று கேட்கிறவர்கள் உண்டு. இந்தியாவில் அந்த வழி பலன் தராது. விளம்பரம் என்பது 1872-ம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் பார்வையில் பொதுவாக ஓர் அழைப்புதான். ‘வாங்க, பேசலாம்’ என்பதற்கு மேல் அதற்கு மதிப்பில்லை. நீங்கள் ஏற்றுக்கொள்ளும் ஆஃபர் லெட்டர்தான் ஒப்பந்தம். தனியார் கம்பெனி போஸ்டிங்கில் சம்பள வரம்பு போட்டே ஆக வேண்டும் என்று இங்கே சட்டம் இல்லை. பழைய சம்பளத்தைக் கேட்கக் கூடாது என்றும் சட்டம் இல்லை.

வெளியே நிலைமை வேறு. நியூயார்க் நகரத்தில் 2022 நவம்பரிலிருந்து போஸ்டிங்கில் வரம்பு கட்டாயம், கலிஃபோர்னியாவில் 2023-லிருந்து. இரண்டு இடத்திலும் பழைய சம்பளத்தைக் கேட்பதற்குத் தடையும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் கொண்டுவந்த சம்பள வெளிப்படைத்தன்மை உத்தரவும், போஸ்டிங்கிலோ வேறு வழியிலோ வரம்பை முன்கூட்டியே சொல்வது, பழைய சம்பளத்தைக் கேட்கக் கூடாது என்பது இரண்டையும் சேர்த்தே சொல்கிறது. உறுப்பு நாடுகள் அதைச் சட்டமாக்க வைத்த கெடு 2026 ஜூன் 7. இரண்டையும் ஏன் சேர்த்தே வைக்கிறார்கள் என்பது கவிதாவின் கதையிலேயே தெரிகிறது. வரம்பைப் போடச் சொல்லிவிட்டு, பேஸ்லிப் கேட்பதையும் அனுமதித்தால், வரம்பு வாசலில் தொங்கும் போர்டு. உள்ளே பில் வேறு மாதிரிதான் வரும்.

இதில் கம்பெனிகள் மேல் எனக்கு வருத்தம் உண்டு. 30 சதவீதத்துக்கு மேல் தர மாட்டோம் என்பது முன்பே தெரிந்த பாலிசி என்றால், முதல் போனிலேயே இப்போதைய சி.டி.சி.யைக் கேட்டபோதே சொல்லியிருக்கலாமே. ‘உங்க 7.2-க்கு எங்களால 9.4 வரைக்கும்தான் முடியும்’ என்ற ஒரு வரி கவிதாவின் மூன்று வார உழைப்பை மிச்சப்படுத்தியிருக்கும். இன்டர்வியூ எல்லாம் முடிந்து, மனசு அந்த வேலைக்குப் போய்விட்ட பிறகு சொல்வது தற்செயல் என்று நம்பக் கஷ்டமாக இருக்கிறது.

அவர்கள் நீட்டும் மாற்று

இரண்டாவது மெயிலுக்கு ‘சரி, 11’ என்று உடனே பதில் வருவது அரிது. அடிக்கடி வருவது ஜாயினிங் போனஸ். “சம்பளம் 9.4 தான். ஆனா 60,000 ஜாயினிங் போனஸ் தர்றோம். மொத்தம் 10 ஆயிடுச்சே.” கேட்க நன்றாக இருக்கும். ஆனால் போனஸ் ஒரு தடவை மட்டும். ஒரு வருடத்துக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையும் வழக்கமாக இருக்கும். அடுத்த வருடம் 8 சதவீத ஹைக் வந்தால் 9.4 என்பது 10.15 ஆகும், 10-ல் சேர்ந்திருந்தால் 10.8 ஆகியிருக்கும். முதல் வருடம் சமமாகத் தெரிந்தது இரண்டாவது வருடத்தில் 65,000 ரூபாய் பள்ளமாகிறது. உங்கள் அடுத்த வேலைக்கும் இந்த 9.4-தான் பேஸ்லிப்பில் போகும். போனஸை மறுக்க வேண்டியதில்லை; ஆனால் வரம்பின் அடிமட்டமான 10 லட்சம் சம்பளமாக வந்த பிறகு, அதற்கு மேலே உள்ள இடைவெளிக்குப் போனஸ் என்றால் ஏற்கலாம்.

‘ஆறு மாசத்துல ரிவ்யூ பண்ணி ஏத்திடறோம்’ என்பது இன்னொன்று. எந்த மாதம், எவ்வளவு என்று ஆஃபர் லெட்டரில் வந்தால் பேசலாம். போனில் மட்டும் வந்தால், ஆறு மாதம் கழித்து அந்த ரெக்ரூட்டர் அங்கே இருப்பாரா என்பதே சந்தேகம்.

ஆஃபரையே ரத்து செய்துவிடுவார்களா என்ற பயம் நியாயமானதுதான். வாய்மொழி ஆஃபரை அவர்கள் திரும்பப் பெறலாம், தடுக்க வழியில்லை. ஆனாலும் இரண்டு பணிவான மெயிலுக்காக, தேடிப்பிடித்த ஆளை விட்டுவிட்டு முதலிலிருந்து தேடுவது அவர்களுக்கும் செலவுதான். பெரும்பாலும் ‘முடியாது, 9.4-தான்’ என்ற பதிலோடு முடியும், அந்த 9.4 அங்கேயே இருக்கும். நிலைமை மாறுவது ஒரே இடத்தில்: ஆஃபர் கைக்கு வருவதற்கு முன்பே பழைய வேலையை ராஜினாமா செய்து, நோட்டீஸ் பீரியடின் கடைசி வாரங்களில் இருக்கிறீர்கள் என்றால். அது ரெக்ரூட்டருக்கும் தெரியும். கடைசி வேலை நாள் எது என்று அவர்தான் முதலிலேயே கேட்டுக் குறித்துக்கொண்டாரே. அப்போதும் முதல் மெயிலை அனுப்பலாம், கேள்விக்குக் காசில்லை. இரண்டாவது மெயிலில் மட்டும் 11-க்குப் பதில் 10 என்று எழுதி, அதிலேயே முடித்துக்கொள்வது நல்லது என்பேன். வேறு ஆஃபர் இல்லாமல் ‘இருக்கு’ என்று மட்டும் எழுதாதீர்கள். லெட்டரைக் காட்டுங்க என்பார்கள்.

கவிதாவுக்கு நல்ல பதிலே வந்தது என்று வைத்துக்கொள்வோம்: “10 லட்சத்துக்கு அப்ரூவல் வாங்கிட்டோம். ரிவைஸ்டு லெட்டர் அனுப்பறோம்.” ஓகே சொல்வதற்கு முன் அந்த லெட்டரின் கடைசிப் பக்கத்தில் இருக்கும் பிரேக்-அப் அட்டவணையைத் திறக்க வேண்டும். முதலில் வந்த அட்டவணையில் வேரியபிள் 80,000. புதியதில் அது 1,40,000 ஆகியிருந்தால், கூட்டிய 60,000 முழுக்க அங்கேதான் போயிருக்கிறது. சி.டி.சி. 10 லட்சம், மாதம் கைக்கு வருவது அதே 65,000. அப்படி இருந்தால் இன்னும் ஒரு மெயில், இரண்டே வரி: “ரிவைஸ்டு லெட்டருக்கு நன்றி. முந்தைய பிரேக்-அப்பில் வேரியபிள் 80,000 என்று இருந்தது. அதை அப்படியே வைத்து, கூடுதல் தொகையை ஃபிக்ஸடில் சேர்த்து அனுப்பினால் இன்றே கையெழுத்திட்டு அனுப்புகிறேன்.”